தம்பியின் விண்ணப்ப மின்னஞ்சல்: எழுத்தைத் திருத்துங்கள், சொல்லைக் கேளுங்கள்

கேள்வி: என் தம்பி தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு பதிப்பகத்தில் உதவி ஆசிரியர் வேலைக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறான். பிழை பார்த்துத் தரச் சொன்னான். நான் திருத்திக் கொடுத்ததும் "இது நான் எழுதினது மாதிரியே இல்லை" என்கிறான். அவன் எழுதியதையும் நான் திருத்தியதையும் கீழே ஒட்டியிருக்கிறேன். அவன் எழுதியதில் எதைத் திருத்தலாம், எதை விட்டுவிடலாம்?

பதில்: கடிதத்தை மூன்று முறை படித்தேன். எழுத்திலும் இடைவெளியிலும் 11 இடங்களில் கை வைக்க வேண்டும். சொல்லில் கை வைக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. பதிப்பகங்களுக்கு 22 ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறேன். இப்படி ஒரு கடிதம் அரிதாகத்தான் கண்ணில் படும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மற்றவர்களும் பின்தொடர வசதியாக அவர் எழுதியதை அப்படியே மறுபடி தருகிறேன்.

"மதிப்பிற்குறிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். இந்த ஆண்டு தமிழில் முதுகலை முடித்துள்ளேன். எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு அலமாறி நிறைய உங்கள் பதிப்பக நூல்கள் இருக்கிறது. அதில் பாதியை படித்து விட்டேன். மீதியை நூலகர் தரமாட்டேன் என்கிறார், அட்டை கிழிந்துவிடுமாம். கல்லூரி ஆண்டு மலருக்கு நான் தான் பிழை பார்த்தேன். நாற்பது பக்கத்தில் இருநூறு பிழை. அச்சடித்தப் பிறகு பார்த்தால் அட்டையிலேயே ஒரு பிழை. அன்றிலிருந்து எதை படித்தாலும் அட்டையை தான் முதலில் படிக்கிறேன். உதவி ஆசிரியர் பணியை எனக்கு தந்தால் நன்றாக செய்ய முயற்சிப்பேன். என் தன்விவரம் இணைத்துள்ளேன்."

முதலில் ஐயமே இல்லாத பிழைகள். 'மதிப்பிற்குறிய' என்பது 'மதிப்பிற்குரிய' என்றிருக்க வேண்டும். உரிமை, உரிய என்ற சொற்களில் வரும் இடையின ரகரம் அது. 'அலமாறி' என்பது 'அலமாரி'. போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த சொல் என்பதால் பலருக்கும் இதில் தடுமாற்றம் உண்டு. இரண்டு தவறுமே ரகரம் வர வேண்டிய இடத்தில் றகரம் வந்ததுதான் என்பதைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்து வழியே தமிழைத் தட்டும் விசைப்பலகைகள் பலவற்றில் இந்த இரண்டுக்கும் ஒரே விசை. ஷிஃப்டை அழுத்தினால் றகரம், அழுத்தாவிட்டால் ரகரம். ஆகவே இது விரல் செய்த தவறாக இருக்கலாம், அவருக்கே தெரியாததாகவும் இருக்கலாம். எது என்று அறிய எளிய வழி, அந்த இரண்டு சொற்களையும் அவரை ஒரு தாளில் பேனாவால் எழுதச் சொல்வது. கையால் சரியாக எழுதினால் அது விசைப்பிழை, இனி அனுப்புமுன் ரகர றகரங்களை மட்டும் ஒருமுறை தனியாகப் பார்த்தால் போதும். கையாலும் தவறாக எழுதினால் தன்விவரத்திலும் அதே தவறு வேறு சொற்களில் இருக்கும். அதையும் எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது 'நூல்கள் இருக்கிறது'. பேச்சில் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறோம். எழுத்தில், 'கள்' போட்டுப் பன்மை ஆக்கிய பிறகு வினை 'இருக்கின்றன' என்றுதான் முடிய வேண்டும். இது அவர் குரலின் பகுதிதானே, விட்டுவிடலாமே என்று தோன்றும். விடக் கூடாது. கடிதம் முழுக்க எழுத்து நடையில் இருக்கும்போது ஓர் இடத்தில் மட்டும் பேச்சு வழக்கு எட்டிப் பார்த்தால், படிக்கிறவருக்கு அது குரலாகத் தெரியாது, கவனக்குறைவாகத்தான் தெரியும்.

பிறகு ஒற்று. ஐந்து இடங்களில் வல்லின ஒற்று விட்டுப்போயிருக்கிறது: பாதியைப் படித்து, எதைப் படித்தாலும், அட்டையைத்தான், எனக்குத் தந்தால், நன்றாகச் செய்ய. முதல் மூன்றும் 'ஐ' உருபை அடுத்து வருபவை, நான்காவது 'கு' உருபை அடுத்து வருவது, ஐந்தாவது 'ஆக' என்று முடியும் சொல்லை அடுத்து வருவது. இந்த மூன்று இடங்களையும் நினைவில் வைத்துக்கொண்டாலே ஒரு கடிதத்தில் விட்டுப்போகும் ஒற்றுகளில் பெரும்பங்கு அகப்பட்டுவிடும்.

ஆனால் இதே கடிதத்தில் ஓர் ஒற்று கூடுதலாகவும் விழுந்திருக்கிறது. 'அச்சடித்தப் பிறகு' என்று எழுதியிருக்கிறார். 'அச்சடித்த' என்பது பெயரெச்சம், அதன் பின் ஒற்று மிகாது. 'அச்சடித்த பிறகு' என்பதே சரி. எனக்கு இந்த ஒரு பிழைதான் மற்றவற்றைவிட அதிகம் சொன்னது. யாரோ அவரிடம் "ஒற்று விட்டுவிடுகிறாய்" என்று பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அந்த அச்சத்தில் தேவையில்லாத இடத்திலும் ஒன்றைப் போட்டிருக்கிறார். நீங்களும் "ஐந்து இடத்தில் ஒற்று இல்லை" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினால், அடுத்த பிரதியில் 'இருநூறுப் பிழை', 'நாற்பதுப் பக்கம்' என்றெல்லாம் வந்து நிற்கும். இரண்டும் தவறு. ஒன்று முதல் பத்து வரையிலான எண்களில்கூட எட்டும் பத்தும்தான் ஒற்றை வேண்டுபவை: எட்டுப் பக்கம், பத்துப் பக்கம். ஐந்து பக்கம், ஆறு பக்கம் என்பவற்றில் ஒற்று இல்லை. ஆகையால் ஒற்றுப் பிழையைச் சொல்லும்போது இடத்தையும் காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மீதி இரண்டு, இடைவெளி. 'படித்து விட்டேன்' என்று பிரித்தால் விடுவது தனி வினையாகிவிடும், நாயை அவிழ்த்து விட்டேன் என்பது போல. இங்கே அது துணைவினை, எனவே 'படித்துவிட்டேன்'. 'நான் தான்' என்பதும் சேர்ந்து 'நான்தான்' ஆக வேண்டும். மேலே சொன்ன ஒன்பதையும் போல இந்த இரண்டையும் நூற்றுக்கு நூறு என்று சொல்லமாட்டேன். பழைய நூல்களில் பிரித்து அச்சிட்டதை நிறையப் பார்க்கலாம். ஆனால் இன்று கவனமாக நூல் போடும் இடங்களில் சேர்த்தே எழுதுகிறார்கள். அவரும் 'கிழிந்துவிடுமாம்' என்பதைச் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார். ஒரே கடிதத்துக்குள் இரண்டு வழக்கம் இருக்க வேண்டாம்.

இனி, பிழை போலத் தெரிந்தும் பிழையல்லாதவை. திருத்துகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். 'அதில் பாதியை' என்பதை 'அவற்றில் பாதியை' என்று மாற்றத் தோன்றும், முன் வாக்கியத்தில் நூல்கள் என்று பன்மை இருக்கிறதே என்று. ஆனால் அந்த 'அது' நூல்களைக் குறிக்க வேண்டியதில்லை. அலமாரியைக் குறிக்கிறது. ஓர் அலமாரி நிறைய இருந்ததில் பாதி. படித்தவுடன் அரைவாசி காலியான அலமாரி கண்ணில் தெரிகிறது. 'அவற்றில்' என்று மாற்றினால் அது போய்விடும். அதேபோல 'நாற்பது பக்கத்தில் இருநூறு பிழை' என்பதை 'நாற்பது பக்கங்களில் இருநூறு பிழைகள் இருந்தன' என்று நீட்டத் தோன்றும். தேவையில்லை. அஃறிணைப் பெயர் 'கள்' இல்லாமலே பன்மைப் பொருள் தரும். பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணம் அதற்குப் பெயரே வைத்திருக்கிறது. முன்னால் எண் நிற்கும்போது 'கள்' இன்னும் தேவைப்படுவதில்லை. வினை இல்லாமல் வாக்கியம் முடிவதும் தமிழுக்கு இயல்புதான். அந்த இரண்டு குட்டி வாக்கியங்கள் அடுத்தடுத்து 'பிழை', 'பிழை' என்று முடிவதில்தான் அட்டையைப் பார்த்த அன்று அவர் வயிற்றில் விழுந்த அடி இருக்கிறது. தெரிந்து எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, அதைத் தொடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கிழிந்துவிடுமாம்'. அந்த 'ஆம்' என்ற ஈறு, இது நூலகர் சொன்ன காரணம், நான் முழுக்க நம்பவில்லை, ஆனாலும் அவரைக் குறை சொல்ல வரவில்லை என்ற மூன்றையும் இரண்டே எழுத்தில் சொல்லிவிடுகிறது. 'அட்டை கிழிந்துவிடக்கூடும் என்று நூலகர் தெரிவித்தார்' என்று எழுதினால் இலக்கணம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நூலகர் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து போய்விடுவார். வேலைக் கடிதத்தில் இவ்வளவு இயல்பாக எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம் என்பது என் எண்ணம். எல்லா ஆசிரியர்களும் அப்படி நினைப்பார்கள் என்று உறுதி தர முடியாது. உங்களுக்குப் பயமாக இருந்தால் அந்த வாக்கியத்தை முழுதாக எடுத்துவிடச் சொல்லுங்கள். அலுவலக நடைக்கு மாற்றி வைத்திருப்பதைவிட அது மேல்.

இரண்டு இடங்கள் உண்மையிலேயே இருபக்கமும் பேசக்கூடியவை. ஒன்று, 'ஒரு அலமாரி'. உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' வர வேண்டும் என்பது மரபு. இன்றைய உரைநடையில் அதைக் கடைப்பிடிக்கும் பதிப்பகங்களும் உண்டு, பொருட்படுத்தாத பதிப்பகங்களும் உண்டு. இதற்கு உங்கள் தம்பிக்கு மட்டும் கிடைக்கிற ஒரு வழி இருக்கிறது. அந்த அலமாரியிலிருந்து சமீபத்தில் வந்த இரண்டு நூல்களை எடுத்து, பத்துப் பக்கம் புரட்டி, 'ஓர் ஊர்', 'ஒரு ஊர்' இரண்டில் எது வருகிறது என்று பார்க்கட்டும். துணைவினையைச் சேர்க்கிறார்களா பிரிக்கிறார்களா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். எந்த வீட்டுக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்த வீட்டு வழக்கத்தில் எழுதுவது உதவி ஆசிரியர் வேலையின் முதல் நாள் பாடம்.

மற்றொன்று 'முயற்சிப்பேன்'. முயல் என்பதுதான் வினை. முயற்சி அதிலிருந்து பிறந்த பெயர். பெயரை மறுபடியும் வினையாக்கி 'முயற்சிக்கிறேன்' என்பது தேவையற்றது, 'முயல்கிறேன்' போதும் என்று பல ஆசிரியர்கள் அடித்துத் திருத்துவார்கள். இன்னொரு பக்கம், செய்தித்தாளிலும் கதைகளிலும் அந்தச் சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. வேறு எந்த வேலைக்கான கடிதமாக இருந்தாலும் நான் விட்டுவிடுவேன். இதைப் படிக்கப்போகிறவர் ஒரு பதிப்பாசிரியர் என்பதால் 'முயல்வேன்' என்று இருப்பது நல்லது. ஆனாலும் அதை நீங்கள் மாற்றாதீர்கள். இந்தச் சொல்லைப் பற்றி இப்படி ஒரு கருத்து இருக்கிறது, எது வேண்டும் என்று கேளுங்கள். 'செய்வேன்' என்று நேராகச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அது வேறு வாக்குறுதி. செய்வேன் என்பதா, முயல்வேன் என்பதா என்று முடிவெடுக்க வேண்டியது வேலைக்குப் போகிறவர்.

நீங்கள் திருத்திய பிரதியையும் ஒட்டியிருந்தீர்கள். அதில் 'தங்கள் பதிப்பகத்தின் எண்ணற்ற நூல்களை ஆர்வத்துடன் வாசித்துள்ளேன்' என்ற வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதில் எழுத்துப் பிழை இல்லை. ஆனால் அலமாரி இல்லை, பாதி இல்லை, நூலகர் இல்லை. 'எண்ணற்ற' என்பது உண்மையும் இல்லை, ஏனென்றால் அவர் எண்ணிச் சொல்லக்கூடிய அளவுக்கு ஓர் அலமாரியில் பாதியைப் படித்திருக்கிறார். நானும் இதைச் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் மகள் எழுதிய விண்ணப்பத்தைத் திருத்தப் போய், 'எனக்குப் பழைய அகராதிகள் பிடிக்கும்' என்றிருந்ததை 'அகராதியியலில் ஈடுபாடு கொண்டுள்ளேன்' என்று மாற்றிக் கொடுத்தேன். நேர்காணலில் அகராதியியலைப் பற்றிக் கேட்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் பழைய அகராதிகளைப் புரட்டிப் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். அதைப் பற்றிக் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பாள். நான் எழுதிய சொல்லுக்கு அவளிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து பிறர் கடிதத்தில் எழுத்தை மட்டும் திருத்துகிறேன். சொல்லில் ஐயம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன்.

இந்தக் கடிதத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. விண்ணப்பிப்பது பிழை பார்க்கும் வேலைக்கு. 11 பிழையையும் நீங்களே நீக்கி அனுப்பினால், கடிதம் அவரிடம் இல்லாத ஒரு திறமையைக் காட்டும். முதல் வாரத்திலேயே ஒரு மெய்ப்பைக் கையில் கொடுப்பார்கள், அப்போது தெரிந்துவிடும். ஆகவே சரியான வடிவத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். கடிதத்தை வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டுத் தாளில் அச்செடுங்கள். பிழை உள்ள வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், இரண்டு பிழை இருந்தால் இரண்டு புள்ளி. எந்தச் சொல் என்று காட்ட வேண்டாம். கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொரு வாக்கியமாக அவரையே படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் மேலிருந்து கீழே படித்தால் பொருள் இழுத்துக்கொண்டு போய்விடும், கண் எழுத்தில் நிற்காது. எட்டையோ ஒன்பதையோ அவரே கண்டுபிடித்துவிட்டால் அந்த வேலைக்கு அவர் ஆள்தான். மிஞ்சியவற்றைக் காரணத்தோடு சொல்லிக் கொடுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால், கடிதத்தை அனுப்பட்டும், கூடவே வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் மறுபடி உட்கார்ந்து படிக்கட்டும்.

சேர்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றையும் கேள்வியாகவே கேளுங்கள். பணி இருப்பதை எங்கே பார்த்தார், எப்போது சேர முடியும், தொலைபேசி எண் எங்கே? இந்த மூன்றும் கடிதத்தில் இல்லை. 'இருநூறு பிழை' என்பது எண்ணிப் பார்த்ததா, உத்தேசமா? எண்ணியிருந்தால் அப்படியே இருக்கட்டும். உத்தேசம் என்றால் 'இருநூறுக்கு மேல்' என்றோ 'ஏறக்குறைய' என்றோ அவரே போட வேண்டும். அட்டையில் இருந்த பிழை என்ன என்பதை நான் ஆசிரியராக இருந்தால் கட்டாயம் கேட்பேன். அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம், நேரில் கேட்கும்போது சொல்ல நினைவில் இருந்தால் போதும்.

மின்னஞ்சல் என்பதால் கடைசியாக ஒரு விஷயம். அவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி ஒட்டியிருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கடிதம் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யூனிகோடில் தட்டியிருக்கிறாரா என்று பார்க்க, முதலில் உங்கள் முகவரிக்கு அனுப்பச் சொல்லி, கணினியில் ஒருமுறை, கைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். தன்விவரத்தைப் பி.டி.எஃப். ஆக்கி இணைத்தால் எழுத்துரு மாறாது. பொருள் வரியில் 'உதவி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பம்' என்பதும் அவர் பெயரும் இருந்தால் போதும். பதிப்பகத்தின் பெயரை நினைவிலிருந்து தட்டாமல், அவர்கள் நூலின் அட்டையைப் பார்த்து ஒற்று, இடைவெளி உட்பட அப்படியே எழுதட்டும். அட்டையை முதலில் படிக்கிறவர் என்று அவரே சொல்லியிருக்கிறார்.